வண்ண ஃபில்டரில் சேலை காணவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மதுரை விளக்குத்தூண் பக்கம் மொத்தமாகச் சேலை எடுத்து இணையச் சந்தைகளில் விற்கும் கடைகளுக்கு நான்கைந்து ஊர்களிலிருந்து சரக்கு வரும். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு பட்டியலும் வரும். சின்னாளப்பட்டிக்காரர் ‘வெங்காயத் தோல்’ என்று எழுதுவார். சூரத்திலிருந்து `MEROON` என்று பெரிய எழுத்தில் வரும். சுங்குடி போடுபவர் ‘அரக்கு/மஸ்டர்ட்’ என்று இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்து அனுப்புவார். வாங்க வரும் பெண்மணியோ ஃபில்டரில் ‘மெரூன்’ என்பதை மட்டும் தொடுகிறார். அரக்கு என்று பதிவான சேலை அவர் கண்ணில் படவே படாது.

இதற்கு எக்செல் போதும். ஒரே தாளில் நான்கு நெடுவரிசைகள் வைத்துக்கொள்ளுங்கள். A-யில் சப்ளையரின் குறியீடு, B-யில் அவர் எழுதிய வண்ணச் சொல், C-யில் அதையே சுத்தம் செய்த வடிவம், D-யில் உங்கள் நிலையான வண்ணம். `map` என்ற பெயரில் இன்னொரு தாள். அதில் எந்தச் சொல் எந்த நிலையான வண்ணத்துக்குப் போகும் என்ற அகராதி. B-யில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. சப்ளையரோடு பின்னால் வாக்குவாதம் வந்தால் அவர் எழுதியதுதான் சாட்சி.

நிலையான பட்டியல் சிறிதாக இருக்கட்டும். சேலைக்கு நான் வைத்திருப்பது 17: கறுப்பு, வெள்ளை, ஆஃப் ஒயிட், சாம்பல், சிவப்பு, மெரூன், பிங்க், ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, டர்க்காய்ஸ், நீலம், ஊதா, பழுப்பு, சந்தனம், பொன், பல வண்ணம். பதினெட்டாவதாக ஒன்றைச் சேர்க்கத் தோன்றும்போதெல்லாம், வாங்குபவர் அந்தப் பெயரைத் தேடித் தொடுவாரா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தொடமாட்டார்.

இனி அறிகுறிகள்.

ஒரே வண்ணம் ஃபில்டரில் இரண்டு மூன்று முறை வருகிறது

`Maroon`, `maroon`, `MEROON`, மறுபடியும் ஒரு `Maroon`. முதல் மூன்றுக்கும் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. நான்காவதுதான் தொல்லை. முதலாவதற்கும் அதற்கும் பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

பக்கத்துக் கட்டத்தில் `=LEN(B2)` போட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு 6, மற்றதற்கு 7 என்று வந்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப்பிலிருந்தும் இணையப் பக்கங்களிலிருந்தும் ஒட்டும்போது, பிரியாத இடைவெளி என்ற ஒன்று கூடவே வந்துவிடும். எக்செல்லின் `TRIM` சாதாரண இடைவெளியைத்தான் நீக்கும், இதைத் தொடாது. ‘நான் டிரிம் போட்டுவிட்டேனே’ என்று சொல்பவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

தமிழில் இன்னொரு கண்ணி உண்டு. ‘ரோஸ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ரோஸ் என்றால் பிங்க் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சப்ளையர் தட்டெழுதிய ரோஸுக்கு `LEN` 4 என்று வரும், இன்னொருவருடையதற்கு 5 என்று வரும். முதலாமவரின் மென்பொருள் ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகச் சேமிக்கிறது. இரண்டாமவருடையது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேமிக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு வெவ்வேறு சொற்கள். ‘பொன்’ போன்ற ஒகரச் சொற்களிலும் இதே கதைதான்.

இவை எல்லாவற்றையும் C நெடுவரிசையில் ஒரே சூத்திரம் சரிசெய்துவிடும்:

```
=LOWER(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(B2,UNICHAR(160),""),UNICHAR(8203),"")," ",""),UNICHAR(3014)&UNICHAR(3006),UNICHAR(3018)),UNICHAR(3015)&UNICHAR(3006),UNICHAR(3019)))
```

பிரியாத இடைவெளி போகிறது, அகலமே இல்லாத இடைவெளி போகிறது, சாதாரண இடைவெளியும் போகிறது. பிரிந்துகிடக்கும் ஒகர, ஓகாரக் குறிகள் ஒன்றாகின்றன. ஆங்கில எழுத்துகள் எல்லாம் சிறியவை ஆகின்றன. இடைவெளியை முழுவதும் நீக்குவது வேண்டுமென்றேதான். ‘வாடா மல்லி’, ‘வாடாமல்லி’ என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். `map` தாளில் இருக்கும் சொற்களையும் இதே சூத்திரத்தில் போட்டு எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுத்தம் செய்தால் பொருந்தாது.

`MEROON`, `marron` போன்ற எழுத்துப் பிழைகளைச் சூத்திரத்தால் பிடிக்க முனைய வேண்டாம். அகராதியில் தனி வரியாகச் சேர்ப்பதே மேல். ‘கிளிப்பச்சை’, ‘கிளி பச்சை’ என்ற ஒற்று வேறுபாட்டுக்கும் அப்படியே இரண்டு வரிகள். ஒற்றை நீக்கும் பொது விதி எழுதினால் பச்சை பசையாகிவிடும்.

தமிழ்ப் பட்டியல் ஏற்றினால் `gr;ir`, `rptg;G` என்று வருகிறது

சப்ளையர் பழைய பாமினி எழுத்துருவில் தட்டெழுதியிருக்கிறார். அவர் கணினியில் `gr;ir` பச்சையாகவும், `kQ;rs;` மஞ்சளாகவும் தெரியும். கோப்பை `.csv` ஆக்கியதும் எழுத்துரு போய்விடுகிறது, அடியிலிருந்த ஆங்கில எழுத்துகள் வெளியே வருகின்றன.

பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றத்தை மேலே சொன்ன சூத்திரத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். பாமினியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு தமிழ் எழுத்துகள். `g` என்பது ‘ப’, `G` என்பது ‘பு’. `LOWER` பட்டதும் `rptg;G` என்ற சிவப்பு, `rptg;g` என்று ‘சிவப்ப’ ஆகிவிடும், அதற்குப் பிறகு எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளி இருக்கும் வரிசைகளை முதலில் ஃபில்டர் செய்து பாருங்கள், பாமினியில் பெரும்பாலானவை சிக்கிவிடும்.

சேலை தவறான வண்ணத்தின் கீழ் வருகிறது

மிகுந்த கவனம் தேவைப்படும் அறிகுறி இது. ஃபில்டரில் வராத சேலை விற்காமல் இருக்கும், அவ்வளவுதான். தவறான வண்ணத்தில் வரும் சேலை உங்கள் கடை மீதான நம்பிக்கையையே கெடுக்கும். காரணங்கள் மூன்று வகை.

முதல் வகை, சூத்திரத்தின் குற்றம். வாடாமல்லிச் சேலைகள் மொத்தமும் ‘வெள்ளை’க்குள் போய் நின்றால், யாரோ சொல்லின் நடுவில் தேடும் சூத்திரம் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்:

```
=IF(ISNUMBER(SEARCH("மல்லி",B2)),"வெள்ளை", ...
```

வாடாமல்லிக்குள் மல்லி இருக்கிறது. கொத்தமல்லிப் பச்சைக்குள்ளும் இருக்கிறது. ஆங்கிலத்திலும் இதே வினைதான்: `Embroidered Green` என்பதில் `red` ஒளிந்திருக்கிறது, அதனால் பச்சைச் சேலை சிவப்புக்குப் போகும். `Marigold`-க்குள் `gold`. ‘குங்கும’ என்று தொடங்குவதெல்லாம் சிவப்பு என்று விதி எழுதினால் குங்குமப்பூ ஆரஞ்சு மாட்டிக்கொள்ளும். ஆகவே சொல்லுக்குள் தேடுவதை அடியோடு விட்டுவிடுங்கள். கட்டத்தில் இருக்கும் முழுச் சொல்லும் அகராதியில் இருக்கும் முழுச் சொல்லோடு பொருந்த வேண்டும். பொருந்தவில்லையா, மனிதர் பார்க்கட்டும். பைத்தானில் நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதனோடு வரும் `re`, தமிழின் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணாது. எனவே `\b` போட்டுச் சொல் எல்லையைக் காக்கலாம் என்ற கணக்கு தமிழில் பலிக்காது.

`VLOOKUP` எழுதும்போது கடைசியில் `FALSE` போட மறந்திருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். அது இல்லையென்றால் எக்செல் ‘கிட்டத்தட்ட’ பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தியே வராது. சாம்பல் நிறம் சந்தனமாகி அமைதியாக உட்கார்ந்திருக்கும். வண்ணங்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் மாறியிருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இரண்டாம் வகை, ஜரிகையும் பார்டரும். `Red Gold` என்று சப்ளையர் எழுதினால் அது பொன் நிறச் சேலை அல்ல, பொன் ஜரிகை போட்ட சிவப்புச் சேலை. மதுரைச் சுங்குடியில் உடல் அரக்கு, பார்டர் மஸ்டர்ட், உடல் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் இருக்கலாம். மூன்று நிறங்கள் இருக்கின்றனவே என்று இதைப் ‘பல வண்ணம்’ ஆக்குபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். மெரூன் சுங்குடி தேடுபவருக்கு அந்தப் புள்ளிகள் சுங்குடி என்பதன் அடையாளமே தவிர வண்ணம் அல்ல. என் விதி: உடலின் நிறமே ஃபில்டருக்குப் போகும். பார்டரும் முந்தியும் வேறு நிறமானால் இரண்டாவது வண்ணம், அதற்கு இடம் தரும் தளங்களுக்கு மட்டும். கூகுள் மெர்ச்சன்ட் சென்டரின் `color` கட்டம் சாய்கோட்டால் பிரித்து மூன்று வண்ணங்கள் வரை ஏற்கும், முதன்மை நிறம் முதலில் வர வேண்டும். அரக்குச் சுங்குடிக்கு அங்கே `Maroon/Yellow` என்று போகும். ‘பல வண்ணம்’ என்பதை, உடலிலேயே எந்த நிறம் முதன்மை என்று சொல்ல முடியாத சேலைகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

அரக்கு/மஸ்டர்ட் போன்ற கட்டங்களைச் சாய்கோட்டில் இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை மட்டும் C-க்கு அனுப்புங்கள். ஆனால் எல்லாச் சப்ளையரும் உடலை முதலில் எழுதுவதில்லை. சிலர் பார்டரில் தொடங்குவார்கள். புதிய சப்ளையரின் முதல் பட்டியல் வந்தவுடன் இரண்டு மூன்று சேலைகளை எடுத்து, எழுதியிருப்பதோடு ஒப்பிட்டு, அவர் வழக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் வகைதான் மிகவும் சுவையானது: ஒரே சொல், இரண்டு ஊர்களில் இரண்டு நிறம். ‘ராமர் பச்சை’ என்று சின்னாளப்பட்டியிலிருந்தும் ஆண்டிப்பட்டிப் பக்கமிருந்தும் வந்த சேலைகளை ஒன்றாக விரித்துப் பார்த்தால் ஒன்றில் நீலம் தூக்கலாக இருந்தது, மற்றது இலை மாதிரி இருந்தது. சின்னாளப்பட்டிக்காரரைத் தொலைபேசியில் கேட்டேன்.

“அண்ணே, உங்கள் ராமர் பச்சை நீலம் கலந்ததா?”

“நீலம் இல்லாமல் ராமர் பச்சை ஏது தம்பி? மற்றவர்கள் எதை அப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.”

அவர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. மற்றவரும் தன் ஊருக்குச் சரி. இங்கே யாரையும் திருத்த வேண்டியதில்லை, அகராதியைத்தான் சப்ளையர்வாரியாகப் பிரிக்க வேண்டும். `map` தாளின் முதல் நெடுவரிசையில் சப்ளையர் குறியீட்டையும் சொல்லையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்து எழுதுங்கள்:

```
all|அரக்கு          மெரூன்
all|வெங்காயத்தோல்    பிங்க்
all|halfwhite       ஆஃப் ஒயிட்
all|எம்.எஸ்.புளூ     நீலம்
CP1|ராமர்பச்சை       டர்க்காய்ஸ்
AN2|ராமர்பச்சை       பச்சை
```

D நெடுவரிசையின் சூத்திரம் முதலில் அந்தச் சப்ளையருக்கென்றே எழுதிய வரியைத் தேடும். கிடைக்காவிட்டால் பொது வரிக்குப் போகும். அதுவும் இல்லையென்றால் `CHECK` என்று நிறுத்திவிடும்:

```
=IFERROR(VLOOKUP(A2&"|"&C2,map!A:B,2,FALSE),IFERROR(VLOOKUP("all|"&C2,map!A:B,2,FALSE),"CHECK"))
```

ராமர் பச்சைக்கு `all` வரி வேண்டுமென்றே இல்லை. மூன்றாவதாக ஒரு சப்ளையர் அதே சொல்லோடு வந்தால் `CHECK` வந்து நிற்க வேண்டும், சேலையைப் பார்த்த பிறகே வரி சேர்க்க வேண்டும். மேலே `halfwhite` இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நம் பக்கத்துப் பட்டியல்களில் ஆஃப் ஒயிட் என்பது ஹாஃப் ஒயிட் என்றுதான் வரும், அதைப் பாதி வெள்ளை பாதி வேறு நிறம் என்று வெளியூர்க்காரர் ஒருவர் புரிந்துகொண்டதையும் பார்த்திருக்கிறேன். எம்.எஸ். புளூவில் குழப்பமே இல்லை. மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயர் தாங்கிய அந்த நீலத்தை எந்த ஊர் நெசவாளரும் மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மயில் கழுத்துச் சேலை பச்சையிலா, நீலத்திலா?

பாவில் ஒரு நிறமும் ஊடையில் இன்னொரு நிறமும் ஓடும் துணி இது. பார்க்கும் கோணம் மாறினால் நிறம் மாறும். சொல்லை வைத்து முடிவு செய்யவே முடியாது. கடையில் விரித்து நான்கு பேரைக் கேட்டால் இரண்டுக்கு இரண்டாகப் பிரிவார்கள்.

பதிவில் முதலாவதாக வைக்கப்போகும் படத்தைத் திறந்து, அதில் எந்த நிறம் மேலோங்கி நிற்கிறதோ அதையே போடுங்கள். ஃபில்டரில் நீலத்தைத் தொட்டவர் அடுத்த நொடி பார்ப்பது அந்தச் சிறிய படத்தைத்தான். படம் பச்சையாகத் தெரிந்து ஃபில்டர் நீலம் என்றால் அவருக்கு அது பிழை, நெசவு நுணுக்கம் அவருக்கு எதற்கு? ஆகவே இரு நிறத் துணிகளுக்கு அகராதியில் பொது வரி வேண்டாம். ‘மயில்கழுத்து’, ‘டபுள் ஷேடு’ போன்றவை எப்போதும் `CHECK` ஆகட்டும், பதிவுவாரியாகக் கையால் நிரப்புங்கள். படம் பிடிக்கும் இடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தால் இந்த வழியும் ஏமாற்றும். சந்தனம் மஞ்சளாகும், வெள்ளை சந்தனமாகும். பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தை வைத்தே முடிவு செய்யுங்கள்.

ஒரே டிசைனில் மூன்று வண்ணம் ஏற்றினால் ஒன்றுதான் நிற்கிறது

சுருக்கியதன் பக்கவிளைவு இது. அரக்கு, குங்குமச் சிவப்பு, ஒயின் மூன்றையும் அகராதி மெரூன் ஆக்கிவிட்டது. ஒரே டிசைனின் கீழ் மூன்று ‘மெரூன்’ என்றால் தளம் அவற்றை ஒரே பொருளின் நகல்கள் என்று கருதும்.

நிலையான வண்ணத்தை எல்லாக் கட்டங்களிலும் நிரப்பியதுதான் தவறு. பெரிய தளங்கள் பல இரண்டு கட்டங்கள் தருகின்றன. அமேசானின் பழைய கோப்பு வடிவங்களில் `color_name` வாங்குபவர் படிக்கும் பெயர், `color_map` ஃபில்டருக்கான நிலையான வண்ணம். ஃபிளிப்கார்ட்டில் `Brand Color`, `Color` என்று அதே பிரிவினை. படிக்கும் பெயரில் அரக்கு, ஒயின் என்பவை `Arakku Maroon`, `Wine` என்று அப்படியே நிற்கட்டும், ஃபில்டர் கட்டத்தில் மட்டும் D நெடுவரிசை போகட்டும். சப்ளையரின் சொல்லை அழிக்காமல் B-யில் காப்பாற்றி வைத்தது இப்போது உதவுகிறது.

உங்கள் 17 வண்ணங்களும் ஒவ்வொரு தளத்தின் பட்டியலும் ஒன்றாக இருக்காது. தளத்தின் பட்டியலில் மெரூன் இல்லாவிட்டால் அங்கே சிவப்பாக அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு ஒவ்வொரு தளத்துக்கும் 17 வரிகளே கொண்ட இன்னொரு சிறு அகராதி போதும். சப்ளையரின் சொல்லிலிருந்து நேராகத் தளத்தின் சொல்லுக்குத் தாவாதீர்கள். நடுவில் உங்கள் பட்டியல் இருந்தால், புதிய தளம் ஒன்றில் கடை திறக்கும்போது 17 முடிவுகள் எடுத்தால் போதும்.

வண்ணம் இருந்தும் எந்த ஃபில்டரிலும் வரவில்லை

கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். `As per photo`, `Mixed`, `3`, வெறும் `R`. இவை வண்ணமே அல்ல. படத்தைப் பார்க்கச் சொல்லும் சொற்களையும், வெறும் எண்களையும், ஒற்றை எழுத்தையும் வண்ணக் கட்டத்தில் போடக் கூடாது என்று கூகுளின் விதியே சொல்கிறது. அகராதியில் இவற்றுக்கு வரி எழுதி ‘பல வண்ணம்’ என்று தள்ளிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் பிரச்சினை ஃபில்டரிலிருந்து மறைந்து ‘பல வண்ண’த்துக்குள் குவியும். `CHECK` ஆகவே விட்டு, சப்ளையரிடம் திருப்பிக் கேளுங்கள். `CHECK` உள்ள வரிசைகளைத் தளத்துக்கு ஏற்றாமல் தனியே பிரித்து வைக்க வேண்டும். காலியான வண்ணத்தோடு ஏற்றிவிட்டால் பிறகு தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

தாளில் திருத்தியாயிற்று, தளத்தில் பழைய வண்ணமே நிற்கிறது

ஏற்றிய கோப்பில் அந்தக் கட்டம் நிரம்பியிருந்ததா என்று முதலில் உறுதி செய்யுங்கள். திருத்தக் கோப்பில் காலியாக விட்ட கட்டத்தை ‘இதை மாற்ற வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்ளும் தளங்கள் உண்டு. அங்கே தவறான வண்ணத்தை அழிக்க நினைத்துக் காலியாக விட்டால் எதுவும் மாறாது, சரியான வண்ணத்தை எழுதியே ஆக வேண்டும். அடுத்து, ஒரே டிசைனின் கீழ் பல வண்ணங்கள் இருந்தால், திருத்தம் தாய்ப் பதிவுக்கு மட்டும் போய், ஃபில்டர் படிக்கும் கிளைப் பதிவுகளுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். கிளைப் பதிவின் எண்ணை வைத்து ஒரு சேலையை மட்டும் திருத்தி ஏற்றி, பொருளின் பக்கத்தில் மாறிவிட்டதா என்று பாருங்கள். பொருளின் பக்கத்தில் மாறி ஃபில்டரில் மட்டும் பழையது நின்றால், தளத்தின் தேடல் அட்டவணை இன்னும் புதுப்பிக்கப்படவில்லை. மறுநாள் பார்க்கலாம், அதே கோப்பைத் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டாம்.